'ஆல்தோ' வந்தால் 'பட்' வரக்கூடாதா? என் மின்னஞ்சலில் விழுந்த இரண்டு சிவப்பு வட்டங்கள்

தறிக்காரி
திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். துணி எப்போது வந்தது, சாயம் ஏன் மாறியது, கப்பல் எப்போது கிளம்பும் என்று வெளிநாட்டு பையர்களுக்கு எழுதுவதிலேயே பாதி நாள் போய்விடும். நேற்று ஒரு மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் மேலாளரிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு வரிகளில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆங்கில வரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

"ஆல்தோ த ஃபேப்ரிக் கேம் லேட், பட் வி ஷிப்ட் ஆன் டைம்."

"பிகாஸ் த ஷேட் வாஸ் நாட் மேட்சிங், சோ வி ரீடைட் இட்."

முதல் வரியில் 'பட்' வேண்டாம், இரண்டாவதில் 'சோ' வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்று மட்டும் பதில் வந்தது. இரண்டையும் எடுத்துவிட்டுப் படித்தால் எனக்கு வாக்கியம் நடுவில் அறுந்து தொங்குவது போல இருக்கிறது. பதினைந்து வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன், எந்த பையரும் ஒன்றும் சொன்னதில்லை. இது உண்மையிலேயே பிழையா? பிழை என்றால் எனக்கு ஏன் பிழையாகக் கேட்கவில்லை?

வெண்தாடி
காரணம் எளிது. தமிழில் நாம் இரண்டு இணைப்புச் சொற்களையும் சேர்த்தே போடுகிறோம், அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒன்றுதான் போட வேண்டும். ஒன்றை அடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

பனங்கிழங்கு
எங்கள் அலுவலகத்திலும் இந்தத் தொல்லை உண்டு. 'ரிவர்ட் பேக்', 'ரிட்டர்ன் பேக்', 'ரிபீட் அகெய்ன்' என்று எழுதித் தள்ளுகிறார்கள். 'ரிட்டர்ன்' என்றாலே திரும்பிதானே? அப்புறம் எதற்கு 'பேக்'? சொன்னால் கோபம் வருகிறது.

தறிக்காரி
அண்ணா, நீங்கள் சொல்வது ஒரே பொருளை இரண்டு முறை சொல்வது. நான் கேட்டது வாக்கியங்களை இணைக்கிற சொற்களைப் பற்றி. இரண்டும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

பாளை டீச்சர்
ஒன்றல்ல, அம்மா. முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நீ போட்ட 'பட்'டை ஆயிரம் விடைத்தாள்களில் அடித்திருப்பேன். ஆனால் வெண்தாடி ஐயா சொல்லும் காரணம் பாதிதான் சரி. முதலில் நீ ஒன்று செய். அந்த இரண்டு வரிகளையும் யோசிக்காமல் தமிழில் சொல். எழுதுவது போல வேண்டாம், பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வது போலச் சொல்.

தறிக்காரி
"துணி தாமதமாக வந்தாலும் சரியான நேரத்தில் அனுப்பிவிட்டோம்."
"நிறம் ஒத்துவராததால் மறுபடி சாயம் போட்டோம்."

பாளை டீச்சர்
இப்போது எண்ணிப் பார். முதல் வரியில் 'வந்தாலும்' என்ற ஒன்று மட்டும். இரண்டாவதில் 'ஒத்துவராததால்' என்ற ஒன்று மட்டும். இரட்டை எங்கே இருக்கிறது? "துணி தாமதமாக வந்தாலும், ஆனால் அனுப்பிவிட்டோம்" என்று நீ சொல்லவில்லையே. ஆகவே தமிழில் இரண்டு போடுகிறோம், அதனால் ஆங்கிலத்திலும் இரண்டு வருகிறது என்பது நிற்காது.

ஆனால் தமிழுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். எண்ணிக்கையை விட்டுவிட்டு இடத்தைப் பார். 'வந்தாலும்' எங்கே நிற்கிறது? முதல் பகுதி முடிந்து இரண்டாம் பகுதி தொடங்கும் மூட்டில். வாக்கியத்தை இரண்டாக உடைத்து, "துணி தாமதமாக வந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டோம்" என்று சொன்னாலும் 'ஆனாலும்' அதே மூட்டில்தான் நிற்கிறது. தமிழில் எப்படிச் சொன்னாலும் இணைப்பு அந்த மூட்டை விட்டு நகராது. 'ஆல்தோ' அப்படியில்லை, முதல் பகுதியின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூட்டில் மிஞ்சுவது ஒரு கமா மட்டும். கமா காதில் விழாது. எனவே நீ 'ஆல்தோ'வில் தொடங்கி மூட்டுக்கு வந்து சேரும்போது, அங்கே எப்போதும் ஒரு சொல்லைக் கேட்டுப் பழகிய காது வெறுமையை உணர்கிறது. கை தானாக 'பட்' போட்டு நிரப்புகிறது. அறுந்து தொங்குகிறது என்று சொன்னாயே, அந்த உணர்வு இதுதான்.

'பிகாஸ்' கதையும் இதேதான். வாக்கியத்தின் நடுவில் வந்தால் நீ தவறு செய்யமாட்டாய். "வி ரீடைட் இட் பிகாஸ் த ஷேட் வாஸ் நாட் மேட்சிங்" என்று சரியாகவே எழுதுவாய். அங்கே 'பிகாஸ்' மூட்டிலேயே நிற்கிறது. ஆனால் தமிழ் மனம் காரணத்தை முதலில் சொல்லத்தான் விரும்பும். காரணத்தை முன்னால் கொண்டுவந்த உடனே 'பிகாஸ்' தலைக்குப் போய்விடும், மூட்டு காலியாகும், 'சோ' வந்து உட்கார்ந்துவிடும்.

இடைச்சொல்
டீச்சர், தமிழைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டதற்கு ஒரு தமிழாசிரியனின் நன்றி. நீங்கள் சொல்லும் மூட்டு குறளிலேயே இருக்கிறது.

"தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்."

619ஆம் குறள். 'எனினும்' ஒன்றுதான், அதுவும் சரியாக மூட்டில். 'முயற்சி'க்கு முன்னால் வேறெந்த இணைப்பும் இல்லை. அதைத் தேடவும் தோன்றவில்லை.

ஆனால் ஒரு திருத்தம் உண்டு. தமிழிலும் முன்னால் ஒரு சொல், பின்னால் ஓர் உருபு என்று ஜோடி வருவதுண்டு. 'என்னதான் கெஞ்சினாலும்', 'ஒருவேளை மழை வந்தால்', 'எவ்வளவு படித்தாலும்'. வெண்தாடி ஐயா மனத்தில் இவை இருந்திருக்கலாம்.

வெண்தாடி
அதைத்தான் சொன்னேன்!

இடைச்சொல்
ஐயா, ஆனால் அந்த ஜோடியில் இரண்டுமே முதல் பகுதிக்குள்தான் இருக்கின்றன. 'என்னதான்' அதன் தொடக்கத்தில், '-ஆலும்' அதன் முடிவில். இரண்டாம் பகுதியின் வாசலுக்குள் எதுவும் போகவில்லை. 'ஆல்தோ... பட்' ஜோடியில் 'பட்' இரண்டாம் பகுதியில் அல்லவா உட்காருகிறது?

பாளை டீச்சர்
அந்த 'என்னதான்' எனக்குத் தோன்றவில்லை, ஐயா. அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'என்னதான்' என்று தொடங்கியவரை '-ஆலும்' வரும் வரை காது விடாது. அப்படிப் பழகிய ஒருவர் 'ஆல்தோ'வை 'என்னதான்' போலவும் 'பட்'டை '-ஆலும்' போலவும் உணர்ந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் 'ஆல்தோ' என்றால் 'இருந்தபோதிலும்' என்று பொருள் எழுதிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் வேறொரு பிழை பிறந்தது. 'இருந்தபோதிலும்' தமிழில் மூட்டுச் சொல்லாயிற்றே. பிள்ளைகள் "ஹி இஸ் புவர். ஆல்தோ, ஹி இஸ் ஆனஸ்ட்" என்று எழுதினார்கள். 'ஆல்தோ' தப்பான பகுதியின் தலையில் ஏறிவிட்டது. இரட்டைப் போடுவதைவிட இது மோசம், ஏனென்றால் பொருளே புரண்டுவிடுகிறது.

நள்ளிரவு நிரலர்
எனக்கு ஒரு சந்தேகம். 'இஃப்... தென்' மட்டும் எப்படிச் சரி? அங்கேயும் தலையில் ஒன்று, மூட்டில் ஒன்று. நான் நாள் முழுவதும் அதைத்தான் தட்டச்சு செய்கிறேன். 'இஃப்' உடன் 'தென்' வரலாம், 'ஆல்தோ' உடன் 'பட்' வரக்கூடாது என்றால் விதி என்ன?

பாளை டீச்சர்
நல்ல கேள்வி, தம்பி. வகுப்பில் நான் ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் 'ஆண்ட்' போட்டுப் பார். 'ஆண்ட் தென்' வரும். 'ஆண்ட் யெட்' வரும். 'ஆண்ட் ஸ்டில்' வரும். 'ஆண்ட் பட்' வராது. ஏன்? 'ஆண்ட்', 'பட்' இரண்டும் ஒரே வேலைக்கு வந்த ஆட்கள். இரண்டு சமமான வாக்கியங்களைக் கைகோக்க வைப்பதுதான் அவர்கள் வேலை. 'ஆல்தோ' போட்டவுடன் முதல் வாக்கியம் தன் காலில் நிற்பதை விட்டுவிடுகிறது. "ஆல்தோ த ஃபேப்ரிக் கேம் லேட்" என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பார், கேட்பவர் "சரி, அப்புறம்?" என்பார். தனியாக நிற்க முடியாத ஒன்றின் கையை 'பட்' எப்படிப் பிடிக்கும்? 'யெட்', 'தென்' ஆகியவை இரண்டாம் வாக்கியத்தின் உள்ளே இருந்துகொண்டு பொருளுக்கு அழுத்தம் கொடுப்பவை. அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டடம் நிற்கும்.

அதனால்தான் 'ஆல்தோ... யெட்' பழைய ஆங்கிலத்தில் தாராளமாக வரும். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், ஆபகூக் 3ஆம் அதிகாரத்தில், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று தொடங்கும் இடத்தைப் பார். ஆங்கிலத்தில் 'ஆல்தோ' ஒரே ஒரு முறை, எல்லாவற்றுக்கும் முன்னால். பிறகு திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை, மாடு என்று இழப்புகள் வரிசையாக வருகின்றன. கடைசியில் 'யெட்' என்று திரும்புகிறது. அவ்வளவு தூரம் நடந்த பிறகு, 'ஆல்தோ' என்று தொடங்கியதை நினைவுபடுத்த அந்த 'யெட்' தேவைப்படுகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் துளிர்விடாமற்போனாலும், உண்டாகாமற்போனாலும், அற்றுப்போனாலும் என்று ஆறு முறை '-ஆலும்' வருகிறது. ஒவ்வோர் இழப்பின் முடிவிலும் ஒன்று. பிறகு "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று நேராக வந்து நிற்கிறது. 'ஆனாலும்' இல்லை. ஆறாவது 'போனாலும்' மூட்டிலேயே இருப்பதால் தேவையும் இல்லை.

நள்ளிரவு நிரலர்
டீச்சர், மன்னிக்க வேண்டும். உங்கள் சோதனையில் ஒரு ஓட்டை. 'ஆண்ட் சோ' வருகிறதே? "இட் ரெயின்ட் ஆண்ட் சோ வி ஸ்டேய்ட்" சரியான ஆங்கிலம்தானே? அப்படியானால் 'பிகாஸ்... சோ'வும் சரியாக இருக்க வேண்டுமே?

பாளை டீச்சர்
மாட்டிக்கொண்டேன். ஆமாம், 'ஆண்ட் சோ' வரும். 'சோ' அரைக்கால் இந்தப் பக்கம், அரைக்கால் அந்தப் பக்கம் நிற்கிற சொல். அதே பழைய வேதாகமத்தில் 91ஆம் சங்கீதம் 14ஆம் வசனம் 'பிகாஸ்' என்று தொடங்கி, 'தேர்ஃபோர்' என்று மூட்டில் திரும்பும். ஆகவே காரணத்தையும் விளைவையும் இரண்டு பக்கமும் குறிப்பது ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் வழக்கமாகவே இருந்தது. இன்றைய உரைநடையில் அது போய்விட்டது. 'ஆல்தோ... பட்' கட்டடக் கோளாறு என்றால், 'பிகாஸ்... சோ' வழக்கொழிந்த பழக்கம் என்று சொல்லலாம். தேர்வில் இரண்டுக்கும் மதிப்பெண் போகும்.

நள்ளிரவு நிரலர்
'வழக்கொழிந்தது' என்பது விதி இல்லை, டீச்சர். ஆனால் விட்டுவிடுகிறேன்.

அலைகடல் (சிங்கப்பூர்)
இது தமிழர் பிழை என்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொள்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. என் பக்கத்து மேசை சீனத் தோழியும் இதே 'ஆல்தோ... பட்' எழுதுகிறாள். அவளிடம் கேட்டேன். சீனத்தில் 'சுய்ரான்' என்று தொடங்கினால் 'தான்ஷி' என்று திரும்புவதும், 'யின்வெய்' என்றால் 'சுவோயி' என்று முடிப்பதும்தான் இயல்பாம். அவளுக்கு நிஜமாகவே ஜோடி இருக்கிறது. இந்திக்காரர்களுக்கும் 'யத்யபி' என்றால் 'ததாபி', 'ஹாலாங்கி' என்றால் 'லேகின்' உண்டு. ஜோடி உள்ளவர்களும் செய்கிறார்கள், ஜோடி இல்லாத நாமும் செய்கிறோம் என்றால், தாய்மொழியைக் காரணம் காட்டுவது எப்படிச் சரியாகும்?

இடைச்சொல்
நல்ல அடி. ஒரே காய்ச்சல் இரண்டு வேறு நோய்களாலும் வரலாம் என்றும் சொல்லலாம். அல்லது நாம் ஆங்கிலத்தைத் தமிழிலிருந்து கற்கவில்லை, ஏற்கெனவே இப்படிப் பேசுகிற மற்ற இந்தியர்களிடமிருந்து கேட்டுக் கற்றோம் என்றும் சொல்லலாம்.

பாளை டீச்சர்
மூன்றாவது சந்தேக ஆளும் உண்டு, எங்கள் பாடத்திட்டம். சிம்பிள், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்ட் என்று வாக்கியத்தை மாற்றும் பயிற்சி நினைவிருக்கிறதா? ஒரே வரிசையில் 'இன் ஸ்பைட் ஆஃப்', 'தோ', 'பட்' என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வோம். மூன்றில் ஒன்றை எடு என்பதுதான் அதன் நோக்கம். பயந்த பிள்ளை மூன்றையும் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொண்டு இரண்டை எடுத்துவிடும். எந்தக் காரணம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சுண்ணாம்பு
கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பதினைந்து வருடம் பையர்களுக்குப் புரிந்திருக்கிறது, சரக்கும் போயிருக்கிறது. நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றால் அதுவும் ஓர் ஆங்கிலம்தானே? எதற்காக மாற்ற வேண்டும்?

தறிக்காரி
புரிந்தது உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியது வேறு. 'பட்' வைத்தாலும் எடுத்தாலும் பையர் மனத்தில் ஒரே எண்ணம்தான் பதியுமா? எது மாறினாலும் அதை நான் தெரிந்து செய்ய வேண்டும்.

பாளை டீச்சர்
மாறும் அம்மா, உன் தொழிலில் நன்றாகவே மாறும். உன் முதல் வரிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

'ஆல்தோ'வை எடுத்துவிட்டு 'பட்'டை வைத்துக்கொண்டால்: "த ஃபேப்ரிக் கேம் லேட், பட் வி ஷிப்ட் ஆன் டைம்." துணி தாமதம் ஒரு செய்தி, அனுப்பியது இன்னொரு செய்தி. இரண்டும் சம உயரத்தில் நிற்கும். தாமதத்தை பையருக்கு இப்போதுதான் முதன்முறையாகச் சொல்கிறாய் என்றால் இது நல்லது. ஒளித்துவைத்தது போல இருக்காது.

'பட்'டை எடுத்துவிட்டு 'ஆல்தோ'வை வைத்துக்கொண்டால்: "ஆல்தோ த ஃபேப்ரிக் கேம் லேட், வி ஷிப்ட் ஆன் டைம்." தாமதம் அவருக்கு முன்பே தெரியும், அதைப் பின்னால் தள்ளிவிட்டு அனுப்பியதை முன்னால் நிறுத்துகிறாய். உன் மேலாளர் விரும்பியது இது.

திருப்பிப் போட்டால்: "வி ஷிப்ட் ஆன் டைம், ஆல்தோ த ஃபேப்ரிக் கேம் லேட்." மூட்டில் சொல் இருப்பதால் உன் காதுக்கு இதுதான் இனிக்கும். ஆனால் வாக்கியம் தாமதத்தில் போய் முடிகிறது. படித்து முடித்தவர் மனத்தில் கடைசியாக நிற்பது துணி தாமதமாக வந்தது என்பதுதான். பையருக்கு எழுதும்போது நான் இதைத் தவிர்ப்பேன்.

இரட்டை போட்டவருக்கு இந்த மூன்றில் எதைச் சொல்ல வந்தோம் என்று முடிவெடுக்கும் வாய்ப்பே வருவதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான், சுண்ணாம்பு தம்பி. அது எந்த ஊர் ஆங்கிலம் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

சுண்ணாம்பு
இரட்டை போட்டால் இரண்டும் ஓங்கிக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மாறப்போவதில்லை. ஆனால் அந்த மூன்று வரிகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தறிக்காரி
டீச்சர், நேற்றிரவு என் மின்னஞ்சலின் 'சென்ட்' பெட்டியில் 'ஆல்தோ', 'பிகாஸ்' இரண்டையும் தேடினேன். வாக்கியத் தொடக்கத்தில் இருந்தால் கமாவுக்கு அடுத்த சொல்லைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே, 'பிகாஸ்' நடுவில் வந்த இடங்களில் ஒரு 'சோ' கூட இல்லை. தலையில் வந்த இடங்களில் பெரும்பாலும் இருந்தது.

இரண்டு இடங்களில் குழம்பிவிட்டேன். "பிகாஸ் இட் வாஸ் சோ லேட், வி யூஸ்ட் ஏர்" என்று ஒன்று. 'சோ'வைப் பார்த்தவுடன் அடிக்கப் போனேன். இன்னொன்று, "ஆல்தோ த கலர் இஸ் நாட் ரெட் பட் மெரூன்" என்று தொடங்குகிறது.

பாளை டீச்சர்
இரண்டையும் தொடாதே. முதலாவதில் 'சோ' என்றால் 'அவ்வளவு'. இரண்டாவதில் 'பட்' சிவப்பையும் மெரூனையும்தான் பிரிக்கிறது, அது முதல் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. மூட்டில் நிற்பதை மட்டும் பார்.

அலைகடல் (சிங்கப்பூர்)
என் பிழை வேறு வேடத்தில் வருகிறது. நான் 'சோ' போடுவதில்லை. "பிகாஸ் ஹி வாஸ் சிக், தட்ஸ் வை ஹி டிட் நாட் கம்" என்று சொல்கிறேன்.

பாளை டீச்சர்
அது நம் 'அதனால்தான்'. மூட்டைத் தேடி வந்த இன்னொரு விருந்தாளி. பேச்சில் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், எழுத்தில் 'பிகாஸ்'ஐ எடுத்துவிடு. "ஹி வாஸ் சிக். தட்ஸ் வை ஹி டிட் நாட் கம்." சரியாகிவிடும்.

தறிக்காரி
கடைசியாக ஒன்று. சிவப்பு வட்டம் போட்ட அதே மேலாளர் இன்று காலை எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். "சின்ஸ் டுமாரோ இஸ் எ ஹாலிடே, ஹென்ஸ் த யூனிட் வில் பி க்ளோஸ்ட்." இதுவும் அதே குடும்பம்தானே? வட்டம் போடலாமா?

பாளை டீச்சர்
அதே குடும்பம்தான். வட்டம் போடுவது உன் சம்பள உயர்வு எந்த மாதம் என்பதைப் பொறுத்தது.

நள்ளிரவு நிரலர்
'ஆண்ட் ஹென்ஸ்' வருகிறதே, டீச்சர்...